கைப்பிடிச் சுவரின் மிச்ச உயரம்: அடுக்குமாடி வீடும் நடைபழகும் குழந்தையும்

2024 ஏப்ரல் மாத இறுதியில், சென்னை ஆவடியை அடுத்த திருமுல்லைவாயலில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை நான்காம் மாடிப் பால்கனியிலிருந்து தவறி, கீழ்த்தளத்தின் கூரைத் தகட்டின்மேல் விழுந்து சரிந்து கிடந்தது. குடியிருப்போர் தரையில் போர்வையை விரித்துப் பிடித்து நின்றார்கள். ஒருவர் கீழ்த்தளத்து ஜன்னல் வழியாக வெளியே ஏறி நின்று குழந்தையைக் கைப்பற்றினார். குழந்தை பிழைத்தது. அந்தக் காணொளியைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. நாமும் பார்த்தோம்.

அதன்பின் நடந்ததைப் பலர் அறியமாட்டார்கள். குழந்தையின் தாயைச் சமூக ஊடகங்கள் கடுமையாகப் பழித்தன. சில வாரங்களில், நம் கோவைக்கு அருகே காரமடையில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்த அந்தத் தாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பழிச்சொற்களால் அவர் மனம் உடைந்திருந்ததாகச் செய்திகள் கூறின. குழந்தையைக் காப்பாற்றிய ஊர் தாயைக் காப்பாற்றவில்லை.

மாடியிலிருந்து ஒரு குழந்தை விழுந்தால் எல்லாரும் கேட்கும் முதற்கேள்வி, "பெற்றவள் எங்கே போனாள்?" என்பதே. குழந்தை மருத்துவர்களாகிய நாங்கள் கேட்கும் கேள்வி வேறு: "அந்த இடத்தில் தடுப்பு எவ்வளவு உயரம் இருந்தது? அதன் அருகே என்ன பொருள் இருந்தது?" முதற்கேள்விக்கு வரும் விடை இன்னொரு குழந்தைக்கு உதவாது. இரண்டாம் கேள்விக்கான விடையை உங்கள் வீட்டில் இன்றே ஓர் அளவு நாடாவைக் கொண்டு நீங்களே கண்டறியலாம். இக்கட்டுரை அதற்காகவே.

கண்காணிப்பு ஏன் போதாது?

குழந்தையை ஒரு கணமும் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க இயலாது. நான்காம் மாடிப் பால்கனி தரையிலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் இருக்கும். அவ்வுயரத்திலிருந்து விழும் உடல் ஒன்றரை வினாடியில் தரையைத் தொடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். பக்கத்து அறையில் இருப்பவர் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் தபால்காரர் அழைக்கிறார், மூத்த பிள்ளை குளியலறையில் வழுக்கி விழுகிறான். இவற்றில் எது நேர்ந்தாலும் குழந்தை தனியே இருக்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். கண்கள் விலகும் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்குவதற்குத்தான் தடுப்பு வேண்டும்.

குழந்தையின் உடலமைப்பும் இங்கே கணக்கில் வருகிறது. பெரியவர்களின் தலை உடல் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவினது. இரண்டு வயதுக் குழந்தையின் தலையோ ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே குழந்தையின் உடற்பாரத்தின் மையம் தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்சை நோக்கி அமைந்துள்ளது. இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறத்தாழ 86 செ.மீ. நிற்கும்போது அதன் பார மையம் பாதத்திலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலோ அதற்குக் கீழோ உள்ள ஒரு விளிம்பின் மீது குழந்தை குனிந்தால், தலை முன்னே சென்று கால்கள் மேலே எழும்பிவிடும். பிறகு கைகளால் பற்றித் தன்னை நிறுத்திக்கொள்ளும் வலிமை அவ்வயதில் இல்லை. இக்காரணத்தால் பெரும்பாலும் தலையே முதலில் அடிபடுகிறது.

இந்த 50 செ.மீ. என்ற அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவது அனைத்தும் அதைச் சுற்றியே அமைகிறது.

ஒரு வீட்டை அளந்து பார்ப்போம்

ஆர்.எஸ்.புரத்தில் தடாகம் சாலைப் பக்கம், ஐந்தாம் மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேற்கே பார்த்த பால்கனி. வானம் தெளிவாக இருக்கும் காலையில் மலைத்தொடர் தெரியும். வீட்டில் இரண்டு வயதுப் பெண்குழந்தை இருக்கிறாள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பகலில் அமுச்சி பார்த்துக்கொள்கிறார். இது எவருடைய வீடும் அன்று. ஆனால் உங்களில் பலர் இதில் உங்கள் வீட்டை அடையாளம் காண்பீர்கள்.

பால்கனியின் கைப்பிடிச் சுவர் 105 செ.மீ. உயரம். கட்டட விதிகள் பொதுவாக ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தைக் கேட்கின்றன. எனவே கட்டியவர் விதிப்படியே கட்டியிருக்கிறார். குழந்தை வெறுந்தரையில் நின்றால் சுவரின் விளிம்பு அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கும். கையை உயர்த்தினால் விரல் நுனி படலாம், ஏற முடியாது. இதைப் பார்த்து வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பால்கனியில் உள்ள பொருள்களைப் பார்ப்போம். மாலையில் அமர்ந்து காப்பி குடிப்பதற்கென்று ஒரு பிரம்பு மோடா இருக்கிறது. அதன் உயரம் 45 செ.மீ. மோடாவின்மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு அந்தச் சுவர் 105 செ.மீ. சுவர் அன்று. 105இல் 45 போக மிச்சம் 60 செ.மீ. விளிம்பு இப்போது அவள் நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. நுனிக்காலில் எழும்பி இரு கைகளாலும் ஒருமுறை உந்தினால் பார மையம் விளிம்பைத் தாண்டிவிடும். கீழே தெருவில் தந்தையின் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் செய்யக்கூடியதும் அதுவே.

இந்த 60 செ.மீ.யையே நாம் 'மிச்ச உயரம்' என்கிறோம். தடுப்பின் உயரத்திலிருந்து குழந்தையின் கால் நிற்கக்கூடிய இடத்தின் உயரத்தைக் கழித்தால் கிடைப்பது அது. தரையிலிருந்து அளப்பது கட்டடப் பொறியாளரின் அளவு. கால் நிற்கும் இடத்திலிருந்து அளப்பதுதான் பெற்றோரின் அளவு.

கால் நிற்கும் இடம் நாற்காலியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பூந்தொட்டி, 20 லிட்டர் தண்ணீர்க் கேன், செருப்பு அலமாரி, துணிக்கூடை, கவிழ்த்து வைத்த வாளி, சலவை இயந்திரம், ஏசியின் வெளிப்பெட்டி, துளசி மாடம் ஆகிய எல்லாமே படிகள்தாம். கைப்பிடிச் சுவரின் அடியில் 15 செ.மீ. உயரத்தில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தாலும் அதுவும் ஒரு படியே. கம்பித் தடுப்பில் கிடைமட்டக் கம்பிகள் இருந்தால் அது முழு ஏணியாகிவிடும். அங்கே பொருள் எதுவும் வேண்டாம். குழந்தை கம்பியிலேயே ஏறிவிடும்.

ஆகவே பால்கனியில் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குள் கால் வைக்கத்தக்க எதுவும் இருக்கக் கூடாது. குழந்தை தள்ளி நகர்த்தக்கூடிய இலேசான பொருளை ஒரு மீட்டர் தள்ளி வைத்தும் பயனில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுத்துச் செல்வது ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு விளையாட்டு. அத்தகைய பொருள்களை வீட்டுக்குள்ளே எடுத்துவிட வேண்டும். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் சுவரின் உட்புறத்தில், பெரியவர்களின் தோள் உயரத்தில் மாட்டலாம். பால்கனி ஊஞ்சலைப் பொறுத்தவரை, குழந்தைக்கு ஐந்தாறு வயதாகும் வரை அதைக் கழற்றி வைப்பதே நல்லது. ஊஞ்சற்பலகை ஒரு படி என்பதோடு, ஆடும்போது குழந்தையை விளிம்பை நோக்கித் தள்ளவும் செய்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. காக்கையையும் நிலாவையும் காட்டிச் சோறூட்டுவது நம் வீடுகளின் இனிய வழக்கம். முற்றத்திலும் திண்ணையிலும் பிறந்த அவ்வழக்கம் இன்று மாடிப் பால்கனிக்கு வந்துவிட்டது. குழந்தையைக் கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்து, மறுகையால் ஊட்டுகிறோம். அப்போது மிச்ச உயரம் என்பதே இல்லாமற் போகிறது. குழந்தைக்கும் வெளிக்கும் இடையில் இருப்பது ஒரு கை மட்டுமே. வயிறு நிறைந்த குழந்தை திமிறினால் அந்தக் கை போதாது. அத்துடன், சுவரின்மேல் ஏறி எட்டிப் பார்ப்பது இன்பமானது என்று நாமே கற்பிக்கிறோம். மறுநாள் நாம் இல்லாதபோது அவள் அதைத் தேடிச் செல்வாள். நிலாவை மூடிய ஜன்னலின் கண்ணாடி வழியாகவும் காட்டலாம்.

பால்கனியைவிட ஆபத்தான இடம்

அதே வீட்டின் படுக்கையறைக்குச் செல்வோம். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. காற்று வரட்டும் என்று கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். மெத்தையோடு சேர்த்துக் கட்டிலின் உயரம் 50 செ.மீ. இங்கே மிச்ச உயரம் எவ்வளவு? 40 செ.மீ. மட்டுமே.

நாம் மனத்தில் வைத்த அளவு 50 செ.மீ. இந்த ஜன்னலில் குழந்தை ஏற வேண்டியதே இல்லை. எட்டிப் பார்த்தாலே போதும். கட்டிலில் குதித்து விளையாடித் தடுமாறிச் சாய்ந்தாலும் போதும். பால்கனியைக் கண்டு அஞ்சும் வீட்டார் இந்த ஜன்னலைக் கண்டு அஞ்சுவதில்லை. கட்டிலை ஓய்வுக்கான இடமாகத்தான் பார்க்கிறோம், படியாகப் பார்ப்பதில்லை.

"அங்கே கொசுவலை இருக்கிறதே" என்பார்கள். கொசுவலை கொசுவுக்கானது. அலுமினியச் சட்டத்தில் ரப்பர் நாடாவால் செருகப்பட்ட அந்த வலை, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை சாய்ந்தால் சட்டத்தோடு பெயர்ந்து வரும். வலை இருப்பதால் ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்ற துணிவு பிறக்கிறது. குழந்தையும் அதைச் சுவரென்று நம்பிச் சாய்கிறது. வலை இல்லாத ஜன்னலை மூடி வைத்திருப்பார்கள் என்பதால், வலையே சில சமயம் ஆபத்தைக் கூட்டிவிடுகிறது.

இதற்கான தீர்வு செலவில்லாதது. கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்துங்கள். சோபா, படிக்கும் மேசை, பொம்மைப் பெட்டி, தொட்டில் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அறை சிறியது, வேறு இடமே இல்லை என்றால் அந்த ஜன்னலுக்குக் கட்டாயம் கம்பித் தடுப்பு வேண்டும்.

தடுப்பு எப்படி இருக்க வேண்டும்?

நம் ஊர்த் தனிவீடுகளில் ஜன்னலுக்கு இரும்பு கிரில் இல்லாமல் இருந்ததில்லை. திருடனுக்காகப் போட்டது பிள்ளைகளையும் காத்தது. புதிய அடுக்குமாடிகளில் அகன்ற கண்ணாடி நகர்வு ஜன்னல்கள் வந்தபோது கிரில் மறைந்தது. ஐந்தாம் மாடிக்குத் திருடன் வரமாட்டான் என்பது உண்மையே. ஆனால் உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது.

தடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகளைப் பாருங்கள். முதலாவது, கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 10 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. குழந்தையின் நெஞ்சும் இடுப்பும் அமுங்கிக் குறுகும், மண்டையோடு அமுங்காது. இடைவெளி அகலமாக இருந்தால் கால் முதலில் நுழைந்து, உடல் வழுகி வெளியே சென்று, தலை மட்டும் சிக்கித் தொங்கும் நிலை நேரும். விழுவதைப் போலவே அதுவும் உயிரைப் பறிக்கும். 10 செ.மீ. இடைவெளியில் உடலும் நுழையாது. ஓர் அட்டையை 10 செ.மீ. சதுரமாக வெட்டிக்கொண்டு வீட்டிலுள்ள கம்பி இடைவெளி ஒவ்வொன்றிலும் செலுத்திப் பாருங்கள். நேராக நுழைந்தால் அந்த இடைவெளி அகலமானது. தடுப்பின் அடிக்கம்பிக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தையும் அளக்க மறவாதீர்கள். குழந்தைகள் தவழ்ந்தும் செல்வார்கள்.

இரண்டாவது, கம்பிகள் செங்குத்தாக நிற்க வேண்டும். கிடைமட்டக் கம்பிகளும் பூவேலைப்பாட்டு வளைவுகளும் காலுக்குப் படிகளாகும். ஏற்கெனவே கிடைமட்டக் கம்பி இருந்தால், அதன் உட்புறத்தில் கெட்டியான ஒளிபுகும் பாலிகார்பனேட் தகட்டைத் திருகிப் பொருத்தி, கால் வைக்க வழியில்லாமற் செய்யலாம்.

மூன்றாவது, தடுப்பு எதில் பொருத்தப்பட்டுள்ளது என்பது. சுவரின் மேற்பூச்சிலோ மெல்லிய அலுமினியச் சட்டத்திலோ திருகிய கம்பி, இழுத்தால் கையோடு வந்துவிடும். கான்கிரீட்டிலோ செங்கல்லிலோ ஆங்கர் போல்ட் கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வீட்டிலுள்ள ஒரு பெரியவர், கால்களை உள்ளே தரையில் ஊன்றியபடி, இரு கைகளாலும் முழுப்பலத்துடன் உட்புறமாக இழுத்துப் பார்க்கட்டும். அசைந்தால் பணம் கொடுக்காதீர்கள். கோவையில் நல்ல கிரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. திருத்திச் செய்து தருவார்கள்.

'இன்விசிபிள் கிரில்' என்று விற்கப்படும் மெல்லிய எஃகுக் கம்பிகள் பல குடியிருப்புகளில் இன்று பொருத்தப்படுகின்றன. கம்பிகள் நெருக்கமாகவும் விறைப்பாகவும் இருக்கும் வரை அவை பயன் தரும். நாளடைவில் தளரும் என்பதே அவற்றின் குறை. அடுத்தடுத்த இரு கம்பிகளை விரல்களால் விலக்கிப் பாருங்கள்; அட்டைச் சதுரம் நுழையும் அளவுக்கு விலகினால் மீண்டும் முறுக்கேற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனை தேவை. புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வெயிலில் நைலான் நைந்துபோகும். கட்டியிருக்கும் கொக்கிகளும் புறாவின் எடைக்கானவை.

வாடகை வீடு, அல்லது முகப்பின் தோற்றம் கெடும் என்று சங்கம் மறுக்கிறது என்பது பலரின் சிக்கல். தடுப்பை ஜன்னலின் உட்புறத்தில் பொருத்தினால் வெளித்தோற்றம் மாறாது. அதுவும் இயலாவிட்டால் ஜன்னலின் திறப்பைக் குறுக்கலாம்.

பூட்டும் தாழ்ப்பாளும்

நகர்வு ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல் திறவாதபடி அதன் தண்டவாளத்தில் ஒரு தடைக்கட்டையைத் திருகி வைக்கலாம். சாவியால் மட்டுமே கழற்றக்கூடிய சிறு தடைகள் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. காற்று வரும், குழந்தை வெளியே போக முடியாது. மேல், கீழ் என இரண்டு பகுதிகளாகத் திறக்கும் ஜன்னலாக இருந்தால் மேற்பகுதியை மட்டும் திறந்து பழகுங்கள்.

பால்கனிக் கதவுக்கு 150 செ.மீ. உயரத்தில் ஒரு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். நாற்காலியில் ஏறினாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எளிதில் எட்டாத உயரம் அது. அதே நேரத்தில், குழந்தைக்கு எட்டும் கீழ்த்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். துணி காயப்போடத் தாய் பால்கனிக்குச் செல்ல, உள்ளிருந்து குழந்தை கதவைத் தாழிட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. தாய் வெளியே சிக்குகிறார். குழந்தை உள்ளே அடுப்போடும் ஜன்னலோடும் தனித்து விடப்படுகிறது. ஒரு மாற்றுச்சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைப்பது இதற்காகவே.

குழந்தை உறங்குகிறது, பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று வெளிக்கதவைப் பூட்டிவிட்டுக் கீழே கடைக்குச் செல்வது மிகவும் ஆபத்தானது. விழித்தெழும் குழந்தை முதலில் தாயைத் தேடும். கதவு திறவாது. அடுத்து, தாய் எங்கே என்று பார்க்க ஜன்னலுக்கோ பால்கனிக்கோ செல்லும். கீழே தாய் தெரிந்தால் அவரை நோக்கிக் கை நீட்டும்.

தீ விபத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். எந்தப் பூட்டும் பெரியவர்களால் உடனே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஜன்னல் தடையின் சாவியை அந்தந்த ஜன்னலுக்கு அருகிலேயே, பெரியவர்களின் தலை உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். வீட்டில் எல்லாருக்கும், குறிப்பாக அமுச்சிக்கும் அப்பிச்சிக்கும், அது இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்கட்டு

படிக்கட்டு விழுதல்கள் உயிரைப் பறிப்பது குறைவு. ஆனால் அடிக்கடி நிகழ்பவை. அடுக்குமாடியில் இரண்டு வகைப் படிகள் உண்டு. ஒன்று, இரட்டைத்தள வீடுகளுக்குள் இருக்கும் படி. இதற்கு மேலும் கீழும் சிறு கதவு போட வேண்டும். மேற்படியில் போடுவது சுவரில் திருகிப் பொருத்தும் வகையாக இருக்க வேண்டும். இரு சுவர்களுக்கு இடையே அழுத்தி நிறுத்தும் வகை, குழந்தை மோதினால் கதவோடு சேர்ந்து கீழே உருளும். அதன் அடிச்சட்டம் பெரியவர்களின் காலையும் இடறும். அவ்வகையைக் கீழ்ப்படியில் மட்டும் பயன்படுத்தலாம். மேற்படிக் கதவு படியின் பக்கமாகத் திறக்காமல், தளத்தின் பக்கமாகத் திறக்க வேண்டும்.

மற்றொன்று, எல்லாருக்கும் பொதுவான படி. இங்கும் நம் கழித்தல் கணக்கு பொருந்தும். படிச்சுற்றின் நடுவே உள்ள வெற்றிடத்தையொட்டிய கைப்பிடி பெரும்பாலும் 90 செ.மீ. உயரம்தான். அதன் ஓரமாக ஒருவர் 40 செ.மீ. உயரச் செருப்பு அலமாரியை வைத்தால் மிச்ச உயரம் 50 செ.மீ. நாம் மனத்தில் வைத்த அதே அளவு. செருப்பு அலமாரியை வாசலின் மறுபுறச் சுவருக்கு மாற்றும்படி அண்டை வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் கிரில் கதவு இருந்தால் மரக்கதவு திறந்திருக்கும் வேளையிலும் அதைத் தாழிட்டு வையுங்கள்.

நடைவண்டியைப் பற்றி ஒரு சொல். சக்கரம் வைத்து உட்கார வைக்கும் 'வாக்கர்' குழந்தைக்கு நடக்கக் கற்றுத் தருவதில்லை. தன் அறிவுக்கு மீறிய வேகத்தில் படியின் விளிம்புக்குக் கொண்டு செல்கிறது. கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பரிசாக வந்திருந்தால் பரணில் வைத்துவிடுங்கள்.

நியூயார்க் கற்ற பாடம்

தடுப்பு உண்மையில் பயன் தருமா என்று ஐயுறுவோருக்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரின் ஏழ்மையான அடுக்குமாடிகளில் குழந்தைகள் ஜன்னல் வழியே விழுவது வழக்கமாக இருந்தது. நகரச் சுகாதாரத் துறை 1972இல் 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு விழுதலும் பதிவு செய்யப்பட்டது. செவிலியர்கள் அந்த வீடுகளுக்குச் சென்றார்கள். பெற்றோருக்கு அறிவுரை கூறியதோடு நில்லாமல், ஜன்னல் தடுப்புகளை இலவசமாகவே கொடுத்தார்கள். பிராங்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையில் விழுதல்கள் பாதியாகக் குறைந்தன. 1976இல், பத்து அல்லது அதற்குக் குறைந்த வயதுள்ள குழந்தை வாழும் அடுக்குமாடி வீட்டின் ஜன்னல்களுக்கு உரிமையாளரே தடுப்பு போட வேண்டும் என்று நகரம் விதி செய்தது.

அந்த இரண்டாண்டுகளில் அங்கிருந்த தாய்மார்களின் அன்போ கவனமோ திடீரெனப் பெருகிவிடவில்லை. ஜன்னலில் கம்பி வந்தது. நம் குடியிருப்போர் சங்கங்களும் இதை ஒவ்வொரு வீட்டின் தனிச்செலவாகக் கருதாமல், மின்தூக்கியைப் பராமரிப்பது போன்ற பொதுக்கடமையாக ஏற்கலாம்.

விழுந்துவிட்டால்

குழந்தை மயங்கிக் கிடந்தாலோ உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ வாரியெடுத்து உலுக்காதீர்கள். கழுத்து எலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மேலும் ஆபத்து இல்லாத இடமாயின் கிடந்த நிலையிலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்புங்கள். இரத்தம் வழியும் இடத்தைத் துணியால் அழுத்துங்கள். மூச்சு நின்றிருந்தால் பயிற்சி பெற்றவர் உடனே செயற்கை சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்க வேண்டும். தண்ணீரோ பாலோ கொடுக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மாடியிலிருந்து விழுந்த குழந்தை எழுந்து நின்று சிரித்தாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். கல்லீரல், மண்ணீரல் காயங்கள் முதல் சில மணி நேரம் வெளியே தெரியாமல் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே கட்டிலிலிருந்தோ படியிலிருந்தோ விழுந்தால் என்ன செய்வது? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை 90 செ.மீ.க்கு மேலிருந்தும், அதற்கு மூத்த குழந்தை ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்தும் விழுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு குறைந்த உயரமாயினும், நினைவிழத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, வழக்கத்துக்கு மாறான தூக்கம், தேற்ற முடியாத அழுகை, காது மூக்கில் இரத்தம் அல்லது நீர், தலையில் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

விழுந்த குழந்தையோடு வரும் தாயையோ பாட்டியையோ உறவினர்கள் எங்கள் கண்முன்னே கடிந்துகொள்வதுண்டு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய மனச்சுமை தாங்க முடியாததாகத் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியவை

அளவு நாடா ஒன்றும் 10 செ.மீ. அட்டைச் சதுரம் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து வீட்டைச் சுற்றி வாருங்கள்.

1. ஒவ்வொரு ஜன்னல், பால்கனி, படிக்கைப்பிடியின் உயரத்தையும் அளந்து, அருகில் கால் வைக்கத்தக்க பொருளின் உயரத்தைக் கழியுங்கள். மிச்சம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் பொருளை நகர்த்துங்கள். நகர்த்த இயலாவிட்டாலும், ஜன்னலின் விளிம்பே தாழ்வாக இருந்தாலும் தடுப்போ திறப்புத் தடையோ போடுங்கள்.

2. எல்லா இடைவெளிகளிலும் அட்டையைச் செலுத்திப் பாருங்கள்.

3. எல்லாத் தடுப்புகளையும் முழுப்பலத்துடன் இழுத்துப் பாருங்கள்.

4. பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாள், ஜன்னல் சாவி, அண்டை வீட்டில் மாற்றுச்சாவி ஆகிய மூன்றையும் உறுதி செய்யுங்கள்.

விருந்தினர் வந்து சென்ற பிறகும், வீட்டைச் சுத்தம் செய்த பிறகும், பண்டிகைக்காகப் பொருள்களை இடம் மாற்றிய பிறகும் முதல் அளவை மீண்டும் எடுங்கள். சுவரின் உயரம் மாறுவதில்லை. மிச்ச உயரம் நாற்காலி நகரும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.